அத்தியாயம் 7: எக்ஸ்ரே நல்லது, ஆனால் விரல் வீக்கம் வற்றவில்லை

வெல்லாவெளி வட்டையில் வேளாண்மை வெட்டு முடிந்த கையோடு கிளினிக்குக்கு வரும் பாதப்புண்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித் தொடங்குகின்றன. அறுத்த தாளின் கூர்முனை ரப்பர் செருப்பைத் துளைத்துக் குத்தியிருக்கும். சீனி வருத்தத்தால் பாதம் மரத்துப்போனவருக்கு அது தெரிந்திருக்காது. நாலைந்து நாள் கழித்துப் பாயில் கறை கண்டு வீட்டார்தான் கவனித்திருப்பார்கள். எக்ஸ்ரே எடுத்திருப்பார்கள், "எலும்பில ஒண்டும் இல்லை" என்று சொல்லியிருப்பார்கள். இரண்டு கிழமை கழிந்தும் விரல் வீங்கியபடியே இருக்கும்.

அந்த நோயாளியைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போகும் மகனுக்கோ, மகளுக்கோ, மனைவிக்கோ எழுதப்பட்டது இந்த அத்தியாயம். எக்ஸ்ரேயில் எலும்பு நல்லதாகத் தெரிந்த பிறகும் எலும்பில் கிருமி இருக்க முடியும். அதை எப்படிச் சந்தேகிப்பது, எம்.ஆர்.ஐ. எப்போது தேவை, அதற்கு எப்படித் தயாராவது, முடிவை எப்படிப் புரிந்துகொள்வது என்பவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் பாருங்கள்: இவை இருந்தால் படம் பற்றி யோசிக்க வேண்டாம்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே, இரவானாலும், வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கிளினிக் நாளுக்கோ எம்.ஆர்.ஐ. திகதிக்கோ காத்திருக்கக் கூடாது.

- சிவப்பு புண்ணிலிருந்து கணுக்காலை நோக்கி மணிக்கு மணி ஏறுகிறது
- விரலோ பாதமோ கறுக்கிறது, அல்லது புதிதாக நாற்றம் அடிக்கிறது
- வீங்கிய இடத்தை அழுத்தினால் உள்ளே காற்றுப் போல நறநறக்கிறது
- குளிர் காய்ச்சல், வாந்தி, மயக்கம், அல்லது சீனி அளவு திடீரென மிகவும் ஏறிவிட்டது

வெல்லாவெளிப் பக்கத்தவர்கள் பட்டிருப்புப் பாலம் கடந்து களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்கோ, அங்கிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ போகும் நேரத்தையும் கணக்கில் எடுங்கள். சீழ் கட்டிய பாதத்தை உடனே திறந்து விடுவதுதான் அவசரம். எலும்புப் படத்தைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

காய்ச்சல் இல்லை என்பதை மட்டும் வைத்து ஆறுதல் அடைய வேண்டாம். எலும்பு வரைக்கும் கிருமி போன பலருக்குக் காய்ச்சலே வருவதில்லை.

எக்ஸ்ரே ஏன் தவறவிடுகிறது

இந்த அத்தியாயத்தில் உள்ள கோட்பாடு இவ்வளவுதான். இதை விளங்கிக்கொண்டால் மற்றவை தானாக விளங்கும்.

எக்ஸ்ரே காட்டுவது எலும்பில் உள்ள சுண்ணச்சத்தை. சுண்ணச்சத்து இருக்கும் வரை எலும்பு படத்தில் வெள்ளையாக, முழுதாகத் தெரியும். புண் வழியாக இறங்கும் கிருமி முதலில் எலும்பின் மேலுறையைத் தொடுகிறது; பிறகு ஓட்டைக் கடந்து உள்ளே இருக்கும் மச்சைக்குள் நுழைகிறது. மச்சை வீங்குகிறது, நீர் கோர்க்கிறது. இவ்வளவு நடந்தும் சுண்ணச்சத்து இன்னும் கரையத் தொடங்கியிருக்காது. அது ஏறக்குறைய 30 முதல் 50 சதவீதம் கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் அரிப்பாகத் தெரியும். அதற்கு 2 முதல் 3 கிழமை எடுக்கும்.

எம்.ஆர்.ஐ. சுண்ணச்சத்தைத் தேடுவதில்லை. காந்தப் புலத்துக்குள் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஐதரசன் தரும் சைகையைத்தான் அது படமாக்குகிறது. வளர்ந்தவரின் பாத எலும்பு மச்சை பெரும்பாலும் கொழுப்பு. அந்த இடத்தில் நீரும் சீழும் வந்து உட்கார்ந்தால், எலும்பின் ஓடு உடையாமல் இருக்கும்போதே, சில நாட்களுக்குள் படம் மாறிவிடும்.

வரம்பை நினைத்துக்கொள்ளுங்கள். நண்டு வளை போட்டு உள்ளே நீர் கசிந்து மண் ஊறிக்கொண்டிருக்கும். வெளியே நின்று பார்த்தால் வரம்பு நேராகவே இருக்கும். இடிந்த வரம்பைத்தான் எக்ஸ்ரே காட்டும். ஊறும் மண்ணையே எம்.ஆர்.ஐ. காட்டிவிடும்.

படி 1: எலும்பைச் சந்தேகியுங்கள்

வீட்டிலேயே பார்க்கக்கூடிய அடையாளங்கள் நான்கு:

1. மருந்து கட்டியும், அந்தக் காலில் பாரம் போடாமல் வைத்தும், புண் வாரக் கணக்கில் ஆறவில்லை.
2. ஒரு விரல் முழுவதும் அடியிலிருந்து நுனி வரை ஒரே பருமனாக வீங்கிச் சிவந்திருக்கிறது.
3. புண் அகலமானது. 2 சதுர சென்ரிமீற்றருக்கு மேல், அதாவது கட்டைவிரல் நகத்தின் அளவுக்கு மேல் போனால் சந்தேகம் கூடுகிறது. சிறிய புண்ணானாலும் ஆழமாக இருந்தால் இதே கணக்குத்தான்.
4. புண்ணின் அடியில் வெள்ளையாக ஏதோ தெரிகிறது, அல்லது மேலே மூடிய புண் திரும்பத் திரும்ப அதே இடத்தில் உடைந்து நீர் வடிகிறது.

இவற்றுள் ஒன்று இருந்தாலும் கிளினிக்கில், "எலும்பில போயிருக்குமோ டொக்டர்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விதான் அடுத்த மூன்று படிகளைத் தொடக்கி வைக்கும்.

எச்சரிக்கை: புண்ணுக்குள் குச்சி, ஊசி, பஞ்சுக் குச்சி எதையும் வீட்டில் விட்டுப் பார்க்காதீர்கள். ஆழம் பார்ப்பது கிளினிக்கில், கிருமி நீக்கிய கருவியால் செய்யும் வேலை.

படி 2: எக்ஸ்ரே எடுங்கள், திகதியைக் குறியுங்கள்

எக்ஸ்ரே ஆரம்பத்தில் தவறவிடும் என்பதற்காக அதைத் தவிர்க்கக் கூடாது. உள்ளே முறிந்து நிற்கும் உலோகத் துண்டு, தசைக்குள் காற்று, பழைய முறிவு இவற்றை அது உடனே காட்டும். அதைவிட முக்கியமாக, பிறகு எடுக்கும் படத்தோடு ஒப்பிட ஒரு தொடக்கப் படம் கிடைக்கும்.

கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் இரண்டு திகதிகளை எழுதுங்கள்: புண்ணை முதலில் கண்ட நாள், எக்ஸ்ரே எடுத்த நாள். இரண்டுக்கும் இடையில் 2 அல்லது 3 கிழமைக்குக் குறைவாக இருந்தால், "படத்தில் ஒன்றும் இல்லை" என்ற முடிவை இன்னும் முடிவாக எடுக்கக் கூடாது. படம் எடுத்த நாளையும் புண் தொடங்கிய நாளையும் சேர்த்துச் சொன்னால்தான் பார்க்கிற வைத்தியருக்கு இந்தக் கணக்கு விளங்கும்.

படி 3: கம்பிச் சோதனையும் இரத்தச் சோதனையும்

வைத்தியர் மழுங்கிய முனையுள்ள உலோகக் கம்பியைப் புண்ணுக்குள் மெதுவாக விட்டுப் பார்ப்பார். கல்லில் தட்டுவது போல முனை தட்டுப்பட்டால் எலும்பு திறந்திருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனையை 1995ஆம் ஆண்டு ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் கிரேசனும் அவரது குழுவினரும் விவரித்தார்கள். செலவில்லாத இந்தச் சோதனை இன்றும் கிளினிக்கின் முதல் ஆயுதம். கிருமி பிடித்த புண்ணில் தட்டுப்பட்டால் எலும்பு நோய்க்கான சாத்தியம் நன்றாக ஏறும். மேலோட்டமான, கிருமி இல்லாத புண்ணில் தட்டுப்படாவிட்டால் நன்றாக இறங்கும்.

கூடவே ஈ.எஸ்.ஆர். என்ற இரத்தச் சோதனை எடுப்பார்கள். அது 70ஐத் தாண்டினால் எலும்பைப் பற்றிய சந்தேகம் வலுக்கும். ஆனால் இரத்தச் சோகை, சிறுநீரக நோய், வேறு தொற்று இருந்தாலும் அது ஏறும். தனியாக அதை மட்டும் வைத்து எதையும் தீர்மானிப்பதில்லை.

படி 4: எம்.ஆர்.ஐ. யாருக்கு?

பாதப்புண் உள்ள எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. வேண்டாம். கம்பி தட்டுப்படுகிறது, ஈ.எஸ்.ஆர். உயர்ந்திருக்கிறது, எக்ஸ்ரேயிலும் அரிப்புத் தெரிகிறது என்றால் விடை ஏற்கனவே கையில் இருக்கிறது. மூன்றும் நல்லது, புண்ணும் ஆறிவருகிறது என்றாலும் வேண்டாம்.

எம்.ஆர்.ஐ. உதவுவது இடைநிலையில்தான்: இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதபோது, அல்லது சத்திரசிகிச்சைக்கு முன் எந்த எலும்பு, எவ்வளவு தூரம், ஆழத்தில் சீழ் தேங்கியிருக்கிறதா என்று தெரிய வேண்டியபோது.

எம்.ஆர்.ஐ. எங்கே எடுக்கலாம், எத்தனை நாளாகும் என்பதை கிளினிக்கிலேயே கேட்டு, துண்டையும் அங்கேயே வாங்குங்கள். துண்டில் "பாதம்" என்று மட்டும் இருந்தால் போதாது. எந்தப் பாதம், எந்த விரல் அல்லது குதிக்கால், புண் எங்கே, எந்தச் சந்தேகம் என்பவை இருக்க வேண்டும். முழுக்காலையும் பெரிய சட்டத்தில் படம் பிடித்தால் சின்னவிரல் எலும்பு கடுகளவாகிவிடும். புண் உள்ள பகுதியை மட்டும் நெருக்கமாக எடுத்தால்தான் பயன்.

குறிப்பு: புண்ணின் ஓரத்தில் ஒரு மீன் எண்ணெய் மாத்திரையை ஒட்டி அடையாளம் வைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. எண்ணெய் படத்தில் வெளிச்சமாகத் தெரியும். புண்ணுக்கு நேர் கீழே எந்த எலும்பு என்று படம் வாசிப்பவர் உடனே காண்பார். நீங்களாக ஒட்ட வேண்டாம். படம் எடுப்பவரிடம் புண்ணின் இடத்தைக் காட்டினால் போதும்.

படி 5: எம்.ஆர்.ஐ. அறைக்குள் போவதற்கு முன்

1. உடம்புக்குள் இருக்கும் உலோகம். அந்தக் காந்தம் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும். இதயத் துடிப்புக் கருவி, காதுக்குள் வைத்த கருவி, மூளை இரத்தக்குழாய்க் கிளிப், எலும்பில் போட்ட தகடு எல்லாவற்றையும் சொல்லுங்கள். போர்க் காலத்தில் பட்ட ஷெல் துண்டோ சன்னமோ உடம்பில் தங்கியிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். நம் பகுதியில் அப்படி வாழ்பவர்கள் பலர். வலி இல்லாததால் மறந்துபோயிருப்பார்கள். கண்ணுக்குள் எப்போதாவது இரும்புத்தூள் போயிருந்தால், குறிப்பாக வெல்டிங் வேலை செய்தவர்கள், அதையும் சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால் அவர்கள் முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.
2. உடம்புக்கு வெளியே இருக்கும் உலோகம். தாயத்து, அரைஞாண், காப்பு, கொடி, கொண்டை ஊசி, போன், வங்கி அட்டை எல்லாவற்றையும் வெளியே விடுங்கள். பலர் மறப்பது அரைஞாணில் கட்டிய தாயத்தை.
3. சாப்பாடும் இன்சுலினும். பாதத்துக்கான எம்.ஆர்.ஐ.க்குப் பொதுவாகப் பட்டினி தேவையில்லை. பட்டினி கிடக்கச் சொல்லாவிட்டால் சாப்பிட்டுவிட்டே போங்கள். இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வரிசையில் இருந்தால் சீனி இறங்கி மயக்கம் வரும். குளுக்கோசோ இனிப்போ கையோடு கொண்டுபோங்கள்.
4. ஊசி மருந்து. எலும்பில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க மட்டும் சாய ஊசி பொதுவாகத் தேவையில்லை. சீழ்க்கட்டியைத் தேடும்போது கேட்கலாம். சிறுநீரகம் பழுதானவர் அண்மைய இரத்தச் சோதனைத் தாளைக் காட்ட வேண்டும். அதில் eGFR என்ற எண் 30க்குக் கீழே இருந்தால் ஊசிக்கு முன் வைத்தியர் கட்டாயம் யோசிப்பார்.
5. அசையாமல் இருப்பது. கால் முதலில் உள்ளே போகும். அரை மணி முதல் முக்கால் மணி வரை படுத்திருக்க வேண்டும். சத்தம் பலமாக இருக்கும், காதடைப்பான் தருவார்கள். கால் ஒருமுறை உதறினாலும் அந்தப் படம் குழம்பிவிடும். முன்பே சிறுநீர் கழித்து, முதுகுக்கும் முழங்காலுக்கும் தலையணை கேட்டுவிடுங்கள்.

படி 6: முடிவை வாசிப்பது

அறிக்கை ஆங்கிலத்தில் வரும். முழுவதும் புரிய வேண்டியதில்லை. திரையில் அல்லது படத்தாளில் T1, STIR என்ற இரண்டு பெயர்களைக் காண்பீர்கள். T1 படத்தில் கொழுப்பு வெளிச்சமாக இருக்கும். எனவே நல்ல மச்சை வெளிச்சம். STIR படத்தில் கொழுப்பு அணைக்கப்பட்டு நீர் மட்டும் பளிச்சிடும். எனவே நல்ல மச்சை இருட்டு.

- T1 இல் இருட்டு, STIR இல் வெளிச்சம், மேலே புண்: எலும்பில் கிருமி என்பதற்கு வலுவான அடையாளம். கொழுப்பு போய் அந்த இடத்தில் நீரும் சீழும் வந்துவிட்டன.
- STIR இல் மட்டும் வெளிச்சம், T1 இயல்பு: மச்சையில் நீர் இருக்கிறது, ஆனால் கொழுப்பு இன்னும் இருக்கிறது. பக்கத்துப் புண்ணின் எதிரொலியாகவோ, அடிபட்டதாலோ இப்படி வரலாம். மிக ஆரம்பக் கட்டமாகவும் இருக்கலாம். வைத்தியர் காத்திருந்து மீண்டும் பார்க்கலாம்.
- இரண்டும் இயல்பு: அந்த எலும்பில் கிருமி இருக்கும் சாத்தியம் மிகக் குறைவு. எம்.ஆர்.ஐ.யின் பெரிய பலன்களில் இதுவும் ஒன்று. தேவையில்லாத 6 கிழமை மருந்தை இது மிச்சப்படுத்தும்.

எம்.ஆர்.ஐ.யும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நீண்டகாலச் சீனி வருத்தத்தில் நரம்பு கெட்டு, பாதத்தின் நடு மூட்டுகள் தாமாக நொறுங்கும் நோய்க்கு சார்க்கோட் பாதம் என்று பெயர். அதிலும் மச்சையில் நீர் பளிச்சிடும். பிரித்தறிய இடம் உதவுகிறது. சார்க்கோட் பெரும்பாலும் நடுப்பாதத்தில், பல எலும்புகளில், தோலில் புண் இல்லாமலே வரும். கிருமி பெரும்பாலும் விரல், விரலடி, குதிக்கால் பகுதியில், புண்ணுக்கு நேர் கீழே ஓரிரு எலும்பில் இருக்கும். அதனால்தான் துண்டில் புண்ணின் இடத்தை எழுதச் சொன்னோம்.

ஒரு உதாரணம், நாள் கணக்கோடு

இது ஒரு தனி ஆளின் கதை அல்ல. படிகள் எப்படிக் கோக்கப்படுகின்றன என்று காட்ட அமைத்த உதாரணம்.

நோயாளி 56 வயது விவசாயி. 14 வருடமாகச் சீனி வருத்தம். வலது பாதத்தில், சின்னவிரலின் அடியில் தாள் குத்துகிறது.

நாள் 4: மனைவி பாயில் கறையைக் காண்கிறார். கொப்பியில் திகதி எழுதப்படுகிறது.

நாள் 11: விரலடி சிவந்து வீங்கியதும் கிளினிக். எக்ஸ்ரேயில் எலும்பு நல்லது. 7 நாளுக்கு மருந்து, பாதத்தில் பாரம் போட வேண்டாம் என்ற புத்திமதி. சிவப்புக் குறைந்ததும் அவர் வாடிக்குப் போய்விடுகிறார்.

நாள் 19: சிவப்பு இல்லை, ஆனால் விரலடி பருமனாகவே இருக்கிறது, புண்ணில் நீர் வடிகிறது. மகள் கொப்பியைக் காட்டி, படம் எடுத்தது 11ஆம் நாள் என்று சொல்கிறார். ஈ.எஸ்.ஆர். 82. கம்பியில் ஏதோ தட்டுப்படுகிறது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அன்று எடுத்த இரண்டாவது எக்ஸ்ரேயும் தெளிவாக இல்லை. மூன்றும் ஒத்துப்போகவில்லை, எனவே எம்.ஆர்.ஐ.

நாள் 22: சின்னவிரலுக்கு நேரே உள்ள பாத எலும்பின் தலை T1 இல் இருட்டு, STIR இல் வெளிச்சம். பக்கத்து எலும்பு இயல்பு. சீழ்க்கட்டி இல்லை. இந்தக் கடைசி இரண்டு வரிகள்தான் சிகிச்சையைத் தீர்மானிக்கின்றன: நோய் ஒரே எலும்பின் நுனியில் இருக்கிறது, கால் நாடியும் நன்றாக இருப்பதால் விரலை எடுக்காமல் மருந்தால் முயலலாம். எலும்பிலிருந்து மாதிரி எடுத்து, எந்தக் கிருமி என்று பார்த்து, 6 கிழமை மருந்து.

நாள் 36: எக்ஸ்ரேயில் அதே இடம் அரித்தது போலத் தெரிகிறது. வீட்டார் பயந்துவிடுகிறார்கள். ஆனால் வீக்கம் வற்றியிருக்கிறது, ஈ.எஸ்.ஆர். இறங்கியிருக்கிறது. எக்ஸ்ரே எப்போதும் பிந்தி வரும் சாட்சி. 22ஆம் நாளுக்கு முன் நடந்ததைத்தான் அது இப்போது சொல்கிறது. மருந்து தோற்றுவிட்டது என்று இதற்குப் பொருள் அல்ல.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

1. சிவப்புப் போனதும் மருந்தை நிறுத்துவது. தோல் சில நாட்களில் தெளியும். எலும்புக்கு, அதை வெட்டி எடுக்காவிட்டால், பொதுவாக 6 கிழமை வேண்டும்.
2. கடையில் அன்டிபயோட்டிக் வாங்கி விழுங்கிவிட்டு வருவது. கிருமியைக் கண்டுபிடிக்கும் சோதனை அதனால் வெறுமையாக வரலாம். ஏற்கனவே குடித்திருந்தால் வெட்கப்படாமல் அட்டையைக் காட்டுங்கள்.
3. கொதிநீரில் உப்புப் போட்டு ஊற வைப்பது. மரத்த பாதத்துக்குச் சூடு தெரியாது. புண்ணோடு கொப்புளமும் சேரும்.
4. குணமாகிவிட்டதா என்று பார்க்க உடனே இன்னொரு எம்.ஆர்.ஐ. கேட்பது. கிருமி போன பிறகும் மச்சையில் நீர் மாதக் கணக்கில் பளிச்சிடலாம். அந்தப் படம் வீணாகக் குழப்பும்.

எம்.ஆர்.ஐ. கிடைக்கத் தாமதமானால்

காத்திருக்கும் நாட்களை வீணாக்க வேண்டாம். முதல் எக்ஸ்ரேக்கு 2 அல்லது 3 கிழமைக்குப் பிறகு அதே பாதத்தை அதே கோணத்தில் இன்னொரு எக்ஸ்ரே எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தனியாகத் தெரியாத சிறு அரிப்பு ஒப்பிடும்போது தெரியும். ஈ.எஸ்.ஆர்.ஐயும் மீண்டும் பாருங்கள். சந்தேகம் வலுவாக இருந்தால் படம் வரும் வரை காத்திராமல் வைத்தியர் சிகிச்சையைத் தொடங்கலாம். அந்தக் காலம் முழுவதும் புண்ணில் பாரம் விழக் கூடாது. வரம்பில் ஒரு நடை போய்வந்தாலும் பாரம் பாரம்தான்.

மருந்து முடிந்த பிறகும் கொப்பியை மூட வேண்டாம். மூன்றாவது திகதி ஒன்றை எழுதுங்கள்: கடைசி மாத்திரை குடித்த நாள். அதிலிருந்து 6 மாதம் வரை அந்த இடம் உடையாமல், வீங்காமல் இருந்தால்தான் எலும்பு நோய் அடங்கியது என்று வைத்தியர்கள் கணக்கிடுகிறார்கள். அதுவரை ஒவ்வொரு நாளும் விளக்கு வெளிச்சத்தில் பாதத்தின் அடியைப் பாருங்கள். குனிய முடியாதவருக்கு வீட்டில் யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும்.